நாற்பது மேட்ச் குவிந்துவிட்டால் யாரிடம் பேசுவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

டேட்டிங் ஆப்பில் மேட்ச் கிடைக்காதவர்களுக்கு அறிவுரை சொல்ல ஊரே இருக்கிறது. மேட்ச் குவிந்துபோய் முழிப்பவர்கள் வாய் திறந்தால் மட்டும் "இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று கேட்டுவிடுவார்கள். கஷ்டம்தான். நாற்பது பேர் வரிசையில் நிற்கும் பட்டியலைத் திறந்து, நாலு பேருக்கு 'ஹாய்' போட்டு, இரண்டு பேருக்குப் பதில் சொல்ல மறந்து, கடைசியில் ஆப்பையே திறக்காமல் விட்டுவிடுகிறார்கள். வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: எல்லோரிடமும் பேசிப் பார்ப்பதா, புரொஃபைலை வைத்தே கழித்துக்கட்டுவதா, ஒரு நேரத்தில் ஒருவரா, அல்லது ஒரு சிலரா?

ஒப்பிடும் முன் ஒரு விஷயம். நாற்பது மேட்ச் என்றால் நாற்பது பேர் உங்களோடு பேசக் காத்திருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. பார்க்காமலே எல்லாரையும் வலப்பக்கம் தள்ளிவிட்டு, மேட்ச் ஆனவர்கள் யார் என்று பிறகு பார்ப்பவர்கள் நிறைய. சிலர் ஆப்பைத் திறந்தே பல நாள் ஆகியிருக்கும். சிலர் ஏற்கெனவே வேறு யாரையோ சந்தித்துக்கொண்டிருப்பார்கள். ஆக, பட்டியலின் நீளத்தைப் பார்த்து வரும் மலைப்பில் பாதி தேவையில்லாதது.

## எதை வைத்து எடைபோடுவது

மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது நேரம். ஒருவரோடு ஒழுங்காகப் பேச, அதாவது அவர் எழுதியதைப் படித்து யோசித்துப் பதில் எழுத, நாளுக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். மாலையில் உங்களுக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் உங்கள் கொள்ளளவு மூன்று பேர். பட்டியலில் எத்தனை பேர் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இரண்டாவது, அந்த வழியால் எதைத் தெரிந்துகொள்ள முடிகிறது. உயரம், வேலை, புகைபிடிப்பாரா, குழந்தை வேண்டுமா என்பதெல்லாம் புரொஃபைலிலேயே தெரியும். பேச்சு ஓடுமா, நாம் சொல்வதைக் காதில் வாங்குவாரா, சேர்ந்து சிரிக்க முடியுமா என்பது அங்கே தெரியாது. கடைசியில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

மூன்றாவது, அந்த வழி நம்மை என்ன செய்கிறது. அலுப்பு, எல்லாரையும் சந்தேகத்தோடு பார்ப்பது, பேசிக்கொண்டிருந்தவரைச் சொல்லாமல் கைவிடுவது எல்லாம் இதில் சேரும். கணக்கில் வராத செலவு என்று பார்த்தால் இதுதான் பெரியது.

## வழி 1: எல்லோரிடமும் பேசுவது

வாதம் எளிமையானது: பேசினால்தானே தெரியும், யாரையும் ஏன் விட வேண்டும்? ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகிறது என்று தெரிந்துவிடும். ஒரே கேள்வியை எல்லாருக்கும் ஒட்ட ஆரம்பிப்பீர்கள். அக்கா இருப்பதாகச் சொன்னது யார், நாய் வளர்ப்பது யார் என்று குழம்பும். ஒருவர் மனம்விட்டு எழுதிய பத்திக்கு நீங்கள் ஒரு ஸ்மைலியை அனுப்பிவிட்டு அடுத்த சாட்டுக்குத் தாவியிருப்பீர்கள். அந்த நேரத்தில் மந்தமான ஆள் நீங்கள்தான். ஆனால் உங்களுக்கு அவர்கள் எல்லாரும் மந்தமாகத் தெரிவார்கள்.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சாட் பட்டியலில் கடைசியாகச் செய்தி அனுப்பியவர் மேலே வந்து நிற்பது வழக்கம். எல்லோரிடமும் பேசுகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் அடிக்கடி செய்தி அனுப்புகிறவர்களிடம்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள். "என்ன ஆச்சு?", "பிஸியா?" என்று மூன்று முறை தட்டுகிறவர் மேலேயே இருப்பார். ஒரு நல்ல கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பவர் கீழே போய்விடுவார். தேர்வு நடந்துவிட்டது, ஆனால் அதைச் செய்தது நீங்கள் இல்லை.

ஆப்காரர்களுக்கே இது தெரியும் போலிருக்கிறது. ஹிஞ்ச் 2024-இல் ஒரு வரம்பைக் கொண்டுவந்தது: பதில் சொல்லாமல் விட்ட சாட்கள் எட்டு சேர்ந்துவிட்டால், சிலவற்றுக்குப் பதில் சொல்லும் வரை, அல்லது முடித்துக்கொள்ளும் வரை, புதிய மேட்ச் கிடையாது.

இந்த வழி பொருந்தும் இடம் ஒன்று உண்டு. மேட்ச் மொத்தமே ஐந்தாறுதான் என்றால் எல்லோரிடமும் பேசுங்கள். அதற்கு மேல் போனால் வேண்டாம்.

## வழி 2: புரொஃபைலை வைத்தே கழிப்பது

ஒழுங்கு பிடித்தவர்கள் போகும் பாதை இது. பட்டியலைத் திறந்து, ஒவ்வொருவரையும் பார்த்து, மதிப்பெண் போட்டு, முதல் ஐந்து பேரை எடுத்துக்கொள்வது. பார்க்க அறிவார்ந்த வழிதான். பாதி சரியும்கூட.

கழிப்பதற்குப் புரொஃபைல் நல்ல கருவி. உங்களுக்குத் திருமணம்தான் நோக்கம், அவர் "சீரியஸாக எதுவும் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார் என்றால் பேசிப் பார்க்க ஒன்றுமில்லை. வரிசைப்படுத்துவதற்கு அது மோசமான கருவி. 2017-இல் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கெல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் தங்களைப் பற்றியும் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றியும் முன்கூட்டியே சொன்ன நூற்றுக்கும் மேற்பட்ட தகவல்களைக் கணினிக்குக் கொடுத்தார்கள். யார் பொதுவாக எல்லாருக்கும் பிடிக்கும் ஆள், யார் பொதுவாகப் பலரை விரும்பும் ஆள் என்பதை அது ஓரளவு சொன்னது. இந்தக் குறிப்பிட்ட இருவருக்குள் ஒருவரையொருவர் பிடிக்குமா என்பதைச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு தகவலை வைத்து முடியாதது, ஆறு படத்தையும் மூன்று வரி பயோவையும் வைத்து நமக்கு முடியுமா?

பட்டியல் நீள நீள நம் அளவுகோலும் மாறிவிடுகிறது. அலிசன் லென்டனும் மார்கோ பிரான்செஸ்கோனியும் ஒவ்வொருவரோடும் சில நிமிடம் மட்டும் பேசிவிட்டு அடுத்தவரிடம் நகரும் வேக டேட்டிங் நிகழ்ச்சிகளின் தரவுகளை ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள். அதிகம் பேரைச் சந்திக்கும் நிகழ்ச்சிகளில் ஆட்கள் உயரம், எடை போன்று பார்த்தவுடன் தெரியும் விஷயங்களை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். கல்வி, புகைப்பழக்கம் போன்று கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுக்குக் கவனம் குறைந்தது. நாற்பது பேரை ஒரே மூச்சில் பார்க்கும்போது நாம் செய்வதும் இதுவே. "குணம்தான் முக்கியம்" என்று தொடங்கி, பதினைந்தாவது ஆளில் "படம் சரியில்லை" என்று வந்து நிற்போம்.

பார்க்கும் வரிசையும் ஆளைக் கெடுக்கும். டிலா பிராங்கும் யாப் டெனிசனும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றன்பின் ஒன்றாகப் புரொஃபைல்களைக் காட்டியபோது, ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு முதல் ஆளிலிருந்து கடைசி ஆளுக்குள் சராசரியாக 27 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்தவர்கள் மட்டமானவர்கள் என்பதால் இல்லை. பார்க்கிறவரின் மனம் 'வேண்டாம்' என்று சொல்லப் பழகிவிட்டது.

அதனால் கழிப்பதை ஒரே உட்காரலில் செய்யாதீர்கள். பத்துப் பத்தாகப் பாருங்கள். கழிக்கும் காரணங்கள் மூன்றைத் தாண்ட வேண்டாம். அவற்றைப் பட்டியலைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். 'நோக்கம் வேறு', 'சந்திக்க முடியாத தூரம்', 'குழந்தை விஷயத்தில் நேரெதிர்' என்பவை காரணங்கள். 'பயோவில் எழுத்துப்பிழை' என்பது அலுப்பு.

இந்த வழி மட்டுமே போதும் என்ற நிலை யாருக்கு? விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனைகள் உண்மையிலேயே கடுமையாக இருப்பவர்களுக்கு. ஏற்கெனவே குழந்தை இருக்கிறது, இன்னும் ஆறு மாதத்தில் வேறு நாட்டுக்குப் போகிறார், மதம் பற்றி உறுதியான நிலைப்பாடு உண்டு என்றால் கழித்த பிறகு மிஞ்சுவதே நாலைந்து பேர்தான்.

## வழி 3: ஒரு நேரத்தில் ஒருவர்

இதில் கண்ணியம் இருக்கிறது. ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மற்றவர்களை மறந்துவிட்டு, அவரிடம் மட்டும் பேசுவது. ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் நோய்க்கு நல்ல மருந்து.

ஜொனதன் டி'ஆஞ்செலோவும் கடலினா டோமாவும் 2017-இல் வெளியிட்ட பரிசோதனை இதற்குச் சாதகமானது. சிலருக்கு 6 பேரையும் சிலருக்கு 24 பேரையும் காட்டி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் முடிவை மாற்றிக்கொள்ளும் வசதி கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, 24 பேரிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களுக்குத் திருப்தி குறைவாக இருந்தது. அதிலும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தவர்களுக்கு மிகக் குறைவு. திரும்பிப் போகலாம் என்று கதவு திறந்தே இருந்தால் மனம் அங்கேயே நிற்கிறது.

ஆனால் தொடக்கத்திலேயே ஒருவரோடு நிற்பதில் ஒரு விலை இருக்கிறது. இன்னும் குரல்கூடக் கேட்காத ஒருவர் மீது முழுக் கவனத்தையும் வைத்தால், மிச்சத்தைக் கற்பனை நிரப்பிவிடும். மூன்று வாரம் இரவு முழுக்கச் சாட், நேரில் பார்த்தால் வேறு யாரோ. அந்த ஏமாற்றத்தில் அவர் மேல் தப்பு எதுவும் இருக்காது. இன்னொன்று, எதிரே இருப்பவர் உங்களைப் போல ஒருவரோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் மற்ற மேட்ச்களும் ஆறிப்போகும். பம்பிளில் அது வேகமாகவே நடக்கும்: முதல் செய்திக்கு 24 மணி நேரம், அதற்குப் பதில் சொல்ல இன்னொரு 24 மணி நேரம், தாண்டினால் மேட்ச் போய்விடும்.

என் கருத்து: இது இரண்டாம் கட்டத்துக்கான வழி. ஒருமுறை நேரில் சந்தித்து, மறுபடியும் சந்திக்கலாம் என்று இருவருக்கும் தோன்றிய பிறகு இதற்கு வாருங்கள். அதற்கு முன்பே இப்படிச் செய்ய நியாயமான காரணம் ஒன்றுதான்: பலரோடு பேசினாலே உங்களுக்குப் பதற்றமோ குற்ற உணர்ச்சியோ வருகிறது என்றால், மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, ஒருவராகவே போங்கள். ஆனால் அவரோடு போனிலோ வீடியோ காலிலோ பேசுவதை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.

## வழி 4: மூன்று பேர், சீக்கிரம் ஒரு அழைப்பு

உங்கள் கொள்ளளவுக்கு ஏற்ற எண்ணிக்கையை வைத்துக்கொள்வது. பலருக்கு அது மூன்று. மூன்று இடமும் நிரம்பியிருக்கும்போது நான்காவது ஆளிடம் பேச்சைத் தொடங்குவதில்லை. ஓர் இடம் காலியானால்தான் அடுத்தவர். கூடவே சாட்டுக்குக் காலக்கெடு: நாலைந்து நாள் பேசியபின் பதினைந்து நிமிட வீடியோ காலோ போன் காலோ.

இதில் உயிர்நாடி எண்ணிக்கை இல்லை, காலக்கெடுதான். தேங்கிப் போவது பெரும்பாலும் மேட்சில் இல்லை, சாட்டிலிருந்து அழைப்புக்குப் போகும் இடத்தில். அங்கே யாரையும் நகர்த்தாவிட்டால் மூன்று இடமும் வாரக்கணக்கில் "சாப்பிட்டாச்சா?"விலேயே நிரம்பிக் கிடக்கும். அழைப்பைக் கேட்க நீட்டி முழக்க வேண்டாம்: "டைப் பண்றது எனக்கு அவ்வளவா வராது. வியாழன் சாயங்காலம் ஒரு பதினைஞ்சு நிமிஷம் கால்ல பேசலாமா?"

மறைந்திருக்கும் விலை இங்கேயும் உண்டு. சாட்டில் சுமாராக இருந்து அழைப்பில் மலர்கிறவர்கள் உண்டு; அவர்களை மூன்றாம் நாளே கழித்துவிடும் ஆசை வரும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் சீக்கிரம் கால் என்றதும் பின்வாங்கலாம். ஒருமுறை மறுத்தால் அதைக் குறையாக எடுக்காதீர்கள். "இப்ப வேண்டாம், அடுத்த வாரம்?" என்று சொல்கிறவர் ஒரு நாளையாவது தருகிறார். எந்த நாளும் தராமல் தள்ளிக்கொண்டே போகிறவர் வேறு ரகம்.

## ஒரே பார்வையில்

| | நேரம் | தெரியவருவது | மறைந்த விலை | யாருக்கு |
|---|---|---|---|---|
| எல்லோரும் | மிக அதிகம் | யாரைப் பற்றியும் கொஞ்சம்தான் | குழப்பம். விடாமல் தட்டுகிறவருக்கே இடம் | மேட்ச் ஐந்தாறு மட்டும் உள்ளவர்கள் |
| புரொஃபைல் கழிப்பு | குறைவு | நிபந்தனைகள் மட்டும் | அலுப்பு வர வர நல்லவர்களும் போவார்கள் | கடுமையான நிபந்தனை உள்ளவர்கள் |
| ஒருவர் மட்டும் | நாளுக்குக் குறைவு, மொத்தத்தில் நீளம் | ஆழமாக, ஆனால் கற்பனை கலந்து | மற்ற மேட்ச்கள் ஆறிப்போகும் | நேரில் சந்தித்த பிறகு எல்லோருக்கும் |
| மூவர் + அழைப்பு | நடுத்தரம் | பேச்சு ஓடுமா என்பது | அழைப்பைக் கேட்கும் தயக்கம் | பெரும்பாலானவர்கள் |

## நடைமுறையில் எப்படிப் போகும்

ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, நீண்டகால உறவு வேண்டும், மாலையில் அரை மணி நேரம் இருக்கிறது. மேட்ச் 42.

முதல் வேலையாகப் புதிய வரவை நிறுத்துகிறாள். பலரும் இதைச் செய்வதில்லை. குழாயைத் திறந்துவிட்டே தரையைத் துடைக்கிறார்கள். டிண்டரில் புதியவர்களுக்குக் காட்டாதபடி புரொஃபைலை மறைக்கலாம். ஹிஞ்சில் 'பாஸ்', பம்பிளில் 'ஸ்னூஸ்' உண்டு. இருக்கும் மேட்ச்களோடு பேசுவது இதனால் தடைபடாது.

பிறகு நாலு மாலைகளில் பத்துப் பத்தாகப் பார்க்கிறாள். ஒன்றுமே எழுதாமல் வெறும் படம் மட்டும் வைத்தவர்கள் 9, சந்திக்க முடியாத தூரத்தில் 6, நோக்கம் வேறு என்று தெளிவாக எழுதியவர்கள் 4. மீதி 23. இந்த 23 பேரை அவள் வரிசைப்படுத்துவதில்லை. வேறொன்றைப் பார்க்கிறாள்: தன் புரொஃபைலைப் படித்ததற்கு அடையாளமாக ஏதாவது எழுதியவர்கள் யார்? ஏழு பேர். அவர்களில், தனக்கும் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி தோன்றுகிற மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறாள். படத்தில் அழகாக இருப்பவர் இதில் இல்லை என்று கொஞ்சம் உறுத்துகிறது. இருக்கட்டும்.

முதல் ஆள் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறார். திருப்பி எதுவும் கேட்கவில்லை. மூன்று பரிமாற்றம் ஆனதும் அவர் இடம் காலி. நான்காமவர் உள்ளே வருகிறார். இரண்டாமவர் வெகு சுவாரசியம், வார்த்தைக்கு வார்த்தை சிரிக்க வைக்கிறார். ஆனால் அழைப்பில் பதினைந்து நிமிடமும் அவரே பேசுகிறார். அவள் வேலை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. மூன்றாமவர் இரண்டாம் நாளே வேறு ஆப்புக்கு வரச் சொல்கிறார், வீடியோ காலில் கேமரா வேலை செய்யவில்லை என்கிறார், பேச்சை ஒரு முதலீட்டுப் பக்கம் திருப்புகிறார். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் யோசிக்க வேண்டியதில்லை. இங்கே வரிசை முக்கியம்: முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் புகார், அதற்குப் பிறகுதான் அன்மேட்ச். அன்மேட்ச் செய்தால் பொதுவாகச் சாட்டும் போய்விடும், ஆதாரமும் போய்விடும்.

நான்காமவர் சாட்டில் சுமார்தான். தாமதமாகப் பதில், சின்னச் சின்ன வாக்கியங்கள். ஆனால் அவள் சொன்ன ஒரு விஷயத்தை இரண்டு நாள் கழித்து நினைவு வைத்துக் கேட்கிறார். அழைப்பு முப்பத்தைந்து நிமிடம் போகிறது. பொது இடத்தில் சந்திப்பு முடிவாகிறது. எங்கே, எப்போது என்று தோழியிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். மதிப்பெண் போட்டிருந்தால் இவர் முதல் பத்துக்குள்ளேயே வந்திருக்க மாட்டார்.

அந்தச் சந்திப்பு நன்றாகப் போனால் அவள் மூன்றாம் வழிக்கு மாறலாம். போகாவிட்டால் ஏழு பேரில் இன்னும் மூவர் பாக்கி. அதற்குப் பின்னால் 16 பேர். அந்த 16-இல் சிலர் இதற்குள் தாங்களாகவே அன்மேட்ச் செய்திருப்பார்கள். அதை இழப்பு என்று கணக்கு வைக்க வேண்டாம். அவர்களிடம் பேச அவளுக்கு எப்படியும் நேரம் இருக்கவில்லை.

## மீதிப் பேரை என்ன செய்வது

ஒரு வார்த்தைகூடப் பேசாத மேட்ச்களுக்கு விளக்கம் தேவையில்லை. கழித்தவர்களை அன்மேட்ச் செய்தால் பட்டியல் சுருங்கும், மலைப்பும் குறையும். 'ஹாய்'யோடு நின்றவர்களும் அப்படியே. நாலைந்து நாள் பேசியவர்களிடமும், அழைப்பில் பேசியவர்களிடமும் சொல்லாமல் மறையக் கூடாது. நீளமாக எழுதவும் வேண்டாம், "இப்ப கொஞ்சம் பிஸி" என்று பொய் சொல்லவும் வேண்டாம், அது மறுபடி தட்டச் சொல்லும் அழைப்பாகிவிடும். "உங்களோடு பேசியது நன்றாக இருந்தது. ஆனால் நமக்குள் சரிவரும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்" போதும். ஒரு நாள் விட்டு அன்மேட்ச் செய்யலாம். இதற்கு அவர் திட்டிப் பதில் எழுதினால் அந்த ஒரு நாளும் தேவையில்லை.

பேசாமலும் கழிக்காமலும் நிற்கும் அந்த நடு வரிசை மட்டும் இருக்கட்டும். இடம் காலியாகும்போது அங்கிருந்து எடுங்கள். பல நாள் கழித்து எழுதுகிறோமே என்ற தயக்கம் வேண்டாம். "பதில் தாமதமாகிவிட்டது, ஒரு நேரத்தில் சிலரோடு மட்டும் பேசுவது என் பழக்கம்" என்று தொடங்கி, அவர் புரொஃபைலில் உள்ள ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். பாதிப் பேர் பதில் சொல்லாமல் போகலாம். அவர்களுக்கும் இடம் நிரம்பியிருக்கும்.